வஞ்சப்புகழ்ச்சி கப்பல் ஏறாது

மாமல்லபுரம் பக்கம் சிற்பப் பட்டறை வைத்திருக்கிற பிள்ளைகளுக்கும், மறைமலைநகர், மகேந்திரா சிட்டி கம்பெனிகளில் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்து பார்க்கிற பிள்ளைகளுக்கும் யாரோ ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "மெயில் வறட்சியாக இருக்கக் கூடாது, நாலு வார்த்தை புகழ வேண்டும், ஒரு ஜோக் அடிக்க வேண்டும், அப்போதுதான் உறவு வளரும்" என்பது அந்தப் பாடம். இது தப்பான பாடம் என்பது என் கட்சி. நேரில் வளரும் உறவு வேறு. மொழி மாறிப் போகிற எழுத்தில் வளரும் உறவு வேறு.

சமீபத்தில் என் பார்வைக்கு வந்த ஒரு கடிதப் போக்குவரத்தைச் சொல்கிறேன். பெயர், ஊர் வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பட்டறை. ஜெர்மனியில் தோட்டச் சிலைகள் விற்கிற ஒருவருக்கு மூன்றடிக் கருங்கல் பிள்ளையார் அனுப்ப வேண்டும். பையன் தமிழில் யோசித்து இங்கிலீஷில் எழுதுகிறான். அந்தப் பக்கத்தில் அதை கம்ப்யூட்டரில் போட்டு ஜெர்மனில் படிக்கிறார்கள். ஆக, ஒரு வாக்கியம் இரண்டு தடவை உடை மாற்றிக்கொண்டுதான் போய்ச் சேருகிறது.

முதல் மெயிலில் புகழ்ச்சி. "தெய்வத்துக்குச் சமமான தங்களைப் போன்றவர்கள் கிடைக்க நாங்கள் முற்பிறவியில் புண்ணியம் செய்திருக்க வேண்டும்." நம் காதுக்கு இது வெறும் வாசல் கோலம், யாரும் அதை அளந்து பார்ப்பதில்லை. அவருக்கோ அது விளங்காத ஒரு பெரிய வார்த்தை. இன்னும் பணம்கூட அனுப்பாத என்னை ஏன் இவன் கடவுள் என்கிறான், அட்வான்ஸ் அதிகம் கேட்கப் போகிறானா? இப்படித்தான் அவர் யோசித்திருக்க வேண்டும். அவர் பதிலில் புகழ்ச்சியைப் பற்றி ஒரு சொல் இல்லை. மொத்தப் பணமும் சரக்கு வந்த பிறகுதான் என்று ஒரு வரி மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது.

இரண்டாவது, நகைச்சுவை. சிலை பத்து நாள் தாமதம். பையன் எழுதினான்: "பிள்ளையாருக்கு வாகனம் மூஞ்சூறு அல்லவா, மெதுவாகத்தான் வருவார்." நமக்குச் சிரிப்பு வரும். மூஞ்சூறு அந்தப் பக்கம் போய் எலியாயிற்று, வாகனம் வண்டியாயிற்று. சரக்கு போகிற வண்டியில் எலி இருக்கிறது என்று படித்தார் போலும். கிடங்கில் எலித் தொல்லை இல்லை என்று எழுத்தில் உறுதி கேட்டார். மரப்பெட்டியின் முத்திரைக்குப் போட்டோ கேட்டார். ஏற்றுமதி மரப்பெட்டிக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி இருக்கிறது. பூச்சி புழு போகாமலிருக்க மரத்தின் உட்பகுதி 56 டிகிரிக்குச் சூடேறி 30 நிமிடம் இருக்க வேண்டும், பிறகு முத்திரை குத்த வேண்டும். முத்திரை முன்பே இருந்தது. ஆனால் பெட்டியை மூடி அடுக்கியாகிவிட்டதால் மறுபடி இறக்கிப் படம் எடுத்து அனுப்புவதற்குள் அந்த வாரக் கப்பல் போய்விட்டது. பத்து நாள் தாமதத்தைச் சமாளிக்கச் சொன்ன ஜோக் இன்னும் ஒரு வாரத்தைச் சேர்த்துக்கொண்டது.

மூன்றாவதுதான் பெரிய சேதம். சிலை போய்ச் சேர்ந்ததும், பீடத்தில் ஒரு கீறல் இருக்கிறது என்று அவர் எழுதினார். அது கல்லிலேயே இருக்கும் இயற்கையான ரேகை. கோபம் வந்த பையன் எழுதினான்: "ரொம்பக் கூர்மையான கண் உங்களுக்கு, எங்கள் ஸ்தபதிகளுக்கே தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டது." குத்தல். ஆனால் குத்தல் குரலில்தான் இருக்கிறது, சொல்லில் இல்லை. சொல்லை மட்டும் படித்தால் என்ன வருகிறது? குறை இருக்கிறது, எங்கள் ஆட்கள் கவனிக்கவில்லை, நீங்கள் கவனித்தீர்கள். அவர் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, அந்த மெயிலையே இணைத்து, விலையில் பத்து சதவீதம் குறைக்கச் சொன்னார். தப்பு அவர் மேல் இல்லை. எழுத்தில் இருந்ததைத்தான் அவர் படித்தார்.

இந்த மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். மொழி மாறும்போது தொனி உதிர்ந்துவிடும், சொல் மட்டும் மிஞ்சும். ஜோக் தகவலாகிவிடும், குத்தல் ஒப்புதலாகிவிடும், புகழ்ச்சி சந்தேகமாகிவிடும்.

நம் தொண்டை மண்டலத்திலேயே இதற்குப் பழைய கதை இருக்கிறது. அதியமானுக்காகத் தூது வந்த அவ்வை, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, உன் ஆயுதங்கள் நெய் பூசி அழகாக மின்னுகின்றன, அவனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். நேரில் நின்றாள், ஒரே மொழி, அதனால் குத்தல் போய்ச் சேர்ந்தது. அதையே மெயிலில் வேறு மொழிக்கு மாற்றி அனுப்பியிருந்தால், "தரத்தைப் பாராட்டியதற்கு நன்றி" என்றுதான் தொண்டைமானிடமிருந்து பதில் வந்திருக்கும்.

"படித்தவர்களுக்குப் புரியும் சார்" என்பார்கள். 2005-இல் க்ரூகர், எப்லி முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரே மொழி பேசும் மாணவர்களிடம், மெயிலில் எழுதிய வாக்கியம் கேலியா நிஜமா என்று கேட்டார்கள். எழுதியவர்கள் 100-க்கு 78 தடவை புரிந்துவிடும் என்று நம்பினார்கள். புரிந்தது 56 தடவை. காசு சுண்டிப் போட்டாலே 50 வரும்! மொழியும் மாறினால் என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசியுங்கள்.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டர் பதவிக்குப் பிறகு ஜப்பானில் ஒரு ஜோக் சொன்னாராம். அரங்கம் அதிரச் சிரித்தது. எப்படி மொழிபெயர்த்தாய் என்று பிறகு விசாரித்தால், "ஜனாதிபதி ஒரு ஜோக் சொன்னார், எல்லோரும் சிரியுங்கள்" என்றுதான் சொன்னதாக மொழிபெயர்ப்பாளர் ஒப்புக்கொண்டார். கார்ட்டரே சொல்லிச் சிரித்த சம்பவம் இது. அவருக்கு அப்படி ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். பட்டறைப் பையனுக்குக் கிடைக்க மாட்டார்.

அப்படியானால் மரக்கட்டை மாதிரி எழுதுவதா? இல்லை. புகழ்ச்சிக்குப் பதில், நடந்த ஒரு காரியத்துக்கு நன்றி: "பீடத்தின் அளவைப் படம் போட்டு அனுப்பியதற்கு நன்றி, அதனால் வேலை எளிதாயிற்று." எந்த மொழிக்குப் போனாலும் இது கெடாது. ஜோக்குக்குப் பதில், காரணமும் தேதியும்: "மழையால் மெருகு வேலை பத்து நாள் தள்ளிப்போனது. 14-ஆம் தேதி பெட்டியில் வைப்போம். வருந்துகிறோம்." குத்தலுக்குப் பதில், மறுப்பும் சான்றும்: "இது கீறல் அல்ல, கல்லின் ரேகை. அனுப்பும் முன் எடுத்த படம் இணைப்பில். நகத்தால் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டினால் படம் அனுப்புங்கள், பேசுவோம்." இதில் ஒப்புதலும் இல்லை, அவமதிப்பும் இல்லை.

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்யலாம். எழுதியதை அவர் மொழிக்கு மாற்றி, அதைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்து, முன்பின் தெரியாத ஆள் எழுதியது போலப் படியுங்கள். மூஞ்சூறு எலியாகத் திரும்பி வந்தால் அந்த வரியை வெட்டிவிடுங்கள். இது எல்லாத் தப்பையும் காட்டாது. முக்கியமாகக் குத்தலைக் காட்டவே காட்டாது. சொல் சரியாகவே திரும்பி வரும், எழுதியவனுக்குத் தன் குரல்தான் காதில் கேட்கும். அதனால் கோபத்தில் எழுதியதை வீட்டில் வேறு யாரையாவது படிக்கச் சொல்லி, "இதில் நான் என்ன ஒப்புக்கொண்டிருக்கிறேன்?" என்று கேளுங்கள்.

நகைச்சுவையை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்த ஜெர்மன்காரர் ஒரு நாள் மாமல்லபுரம் வருவார். பட்டறை வாசலில் உட்கார வைத்து, இளநீர் சீவிக் கொடுத்து, பிள்ளையார் காலடியில் இருக்கிற மூஞ்சூறைக் காட்டி அந்த ஜோக்கைச் சொல்லட்டும். அப்போது நிச்சயம் சிரிப்பார்.