எரியோட்டுக்கு ஏழா, எட்டா?

போன வாரம் பழைய நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். என்னோடு ஒரே ஆபீசில் குப்பை கொட்டியவர். பேத்திக்கு இலக்கியா என்று பெயர் வைக்கப் போகிறார்களாம். எண் கணிதம் பார்ப்பவரிடம் கேட்டதற்கு, ஆங்கிலத்தில் ஒரு 'கே'யைக் குறைத்து எழுதச் சொல்லிவிட்டாராம். "கணக்கு சரியான்னு நீ ஒருதடவை பாருப்பா" என்று சீட்டை நீட்டினார்.

கூட்டிப் பார்த்தேன். கணக்கில் தப்பில்லை. இரண்டு 'கே' போட்டால் 12, அதாவது 3. ஒரு 'கே' என்றால் 10, அதாவது 1. இரண்டு 'கே' போட்டு 'ஒய்'யை விட்டால் 11, அதாவது 2. மூன்றுமே நடைமுறையில் எழுதுகிற விதங்கள்தான். தமிழில் எழுதினால் மூன்றும் ஒரே இலக்கியா. அப்படியானால் குழந்தையின் எண் எது?

நம் பக்கத்தில் பெரும்பாலும் புழங்குவது கீரோ என்ற அயர்லாந்துக்காரர் பரப்பிய அட்டவணை. ஏ, ஐ, ஜே, கியூ, ஒய் ஐந்துக்கும் 1. பி, கே, ஆர் மூன்றுக்கும் 2. இப்படி 8 வரை போகும். எந்த எழுத்துக்கும் 9 கிடையாது. எல்லாமே ஆங்கில எழுத்துகள்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். இ 5, ஆர் 2, ஐ 1, ஓ 7, டி 4, யூ 6. கூட்டினால் 25, அதாவது 7. சிலர் நடுவில் ஒரு 'ஒய்' சேர்த்து எழுதுகிறார்கள். அதற்கு 1 கூட்டினால் 26, அதாவது 8. எட்டு என்றதும் முகம் சுளிப்பவர்கள் எத்தனை பேர்! எரியோடு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. போர்டு எழுதியவர் கையில்தான் அதன் ராசி இருந்திருக்கிறது.

"அப்ப தமிழ் எழுத்துக்கே நம்பர் போட்டுட்டாப் போச்சு" என்றார் நண்பர். அங்கேதான் சிக்கல். முதலில் எதை ஓர் எழுத்து என்று எண்ணுவது? எரியோடு என்பது எ, ரி, யோ, டு என நான்கு எழுத்து. உயிர்மெய்யைப் பிரித்தால் எ, ர், இ, ய், ஓ, ட், உ என ஏழாகிவிடும். எண்ணிக்கையே இப்படி மாறினால் கூட்டுத்தொகை எப்படி நிற்கும்?

எழுத்துக்கு எண் கொடுக்கும் பழைய முறை நம் நாட்டில் இல்லாமலில்லை. கடபயாதி என்று பெயர். கர்நாடக சங்கீதத்தின் 72 மேளகர்த்தா ராகங்களின் பெயரிலேயே அதன் வரிசை எண் ஒளிந்திருப்பது இந்த முறையால்தான். முதல் இரண்டு எழுத்தின் எண்களைத் திருப்பிப் போட்டால் எண் கிடைக்கும். கீரவாணியில் க 1, ர 2. திருப்பினால் 21. கீரவாணி 21ஆவது மேளமேதான். கரகரப்பிரியா 22ஆவது. அங்கே முதல் எழுத்து வடமொழியின் இரண்டாம் க, அதன் எண் 2. தமிழில் நான்கு 'க'வுக்கும் ஒரே எழுத்துதானே? தமிழ் எழுத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டால் கரகரப்பிரியாவுக்கும் 21 வந்து நிற்கும். இரண்டு ராகத்துக்கு ஒரே எண்! காதால் கேட்டுப் போட்டால் சரியாக வருகிற கணக்கு, நம் எழுத்தைக் கண்ணால் பார்த்துப் போட்டால் தவறிவிடுகிறது. இத்தனைக்கும் அந்த முறை ராகத்தின் வரிசையைச் சொல்ல வந்ததே தவிர, மனிதரின் யோகத்தைச் சொல்ல வந்ததல்ல.

பிறந்த தேதிக் கணக்கை நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. 17ஆம் தேதி எந்த மொழியில் எழுதினாலும் 17தான். பெயர் எண் அப்படியல்ல. அது பெயரின் எண்ணே அல்ல, ஆங்கில ஸ்பெல்லிங்கின் எண். இதுதான் என் கருத்து.

இதில் இழப்பும் உண்டு. ஒரு 'கே' போட்டால் வெளியூர்க்காரர் அந்தப் பிள்ளையை 'இலகியா' என்று கூப்பிடுவார். பிறப்புச் சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று என்று போனால், ஒவ்வொரு இடத்திலும் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும். ஒற்றை எழுத்து வித்தியாசத்தால் பென்ஷன் பேப்பர் திரும்பி வந்து, பெரியவர்கள் மாதக்கணக்கில் அலைந்ததை எங்கள் ஆபீசிலேயே பார்த்திருக்கிறோம்.

அதை நினைவுபடுத்தியதும் நண்பர் சிரித்தார். பிறப்பைப் பதிந்து ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அவசரமில்லை என்றேன். முதலில் தமிழில் பெயரை முடிவு செய்யுங்கள். அதன் ஓசை கெடாத ஒரே ஆங்கில ஸ்பெல்லிங்கை எழுதிவைத்து, கடைசிவரை அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள்.

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். எத்தனை 'கே' என்று மருமகள்தான் முடிவு செய்ய வேண்டுமாம்.