பட்டியலின் உச்சியில் நிற்பது எப்போதும் குற்றவாளியன்று

கைப்பேசியின் பேட்டரி உபயோகப் பக்கத்தைப் படமெடுத்து, "சார்ஜ் ஏன் இப்படி இறங்குகிறது?" என்ற ஒற்றை வினாவுடன் விஷயமறிந்தவர் ஒருவருக்கு அனுப்பிவைப்பது இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. படத்தைப் பெறுகிறவரும் பட்டியலின் தலையில் நிற்கும் செயலியைச் சுட்டி, அதை நீக்கிவிடும்படி யோசனை சொல்லிவிடுகிறார். இந்த யோசனை பெரும்பாலும் பிழையானது என்பதே என் அபிப்பிராயம்.

பெரும்பாலான கைப்பேசிகளில் ஒவ்வொரு செயலிக்கும் எதிரே காணும் சதவீதம், பேட்டரியின் முழுக் கொள்ளளவில் கணக்கிட்டதன்று. அந்தக் காலத்துக்குள் செலவான அளவில் அச்செயலியின் பங்கு மட்டுமே. ஒரு வீட்டின் மாதச் செலவில் அரிசிக்குப் பாதி போயிற்று என்று மட்டும் சொன்னால், அந்த வீட்டார் நூறு ரூபாய் செலவழித்தார்களா, பதினாயிரம் செலவழித்தார்களா என்று எப்படி அறிய இயலாதோ, அப்படியே இந்தப் பங்கைக் கொண்டு மட்டும் சார்ஜ் வேகமாக இறங்கிற்றா என்று அறிய இயலாது. சில நிறுவனங்களின் கைப்பேசிகள் கொள்ளளவையே கணக்காகக் காட்டுவதும் உண்டு. பட்டியலின் எண்களைக் கூட்டி ஏறக்குறைய நூறு வந்தால் அது பங்கென்றும், நூறுக்கு வெகுவாகக் குறைந்தால் கொள்ளளவென்றும் கொள்ளலாம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். காலை 7 மணிக்கு 100 ஆக இருந்த சார்ஜ் இரவு 9 மணிக்கு 40 ஆயிற்று, செலவானது 60. பட்டியலில் யூடியூப் 35 சதவீதத்துடன் முதலில் நிற்கிறது. அது திரையில் இருந்த நேரம் 2 மணி 10 நிமிஷம். கடைச்செயலி ஒன்று 20 சதவீதம். திரையில் அது இருந்தது 4 நிமிஷம், பின்னணியில் இயங்கியதோ 3 மணி 20 நிமிஷம். யூடியூப் தின்றது அறுபதில் 35 சதவீதம், அதாவது 21. மணிக்குப் பத்துக்கும் சற்றுக் குறைவு. பிரகாசமான திரையில், மொபைல் டேட்டாவில் வீடியோ பார்த்தவருக்கு இது நியாயமான செலவே. கடைச்செயலியோ நான்கே நிமிஷ உபயோகத்துக்கு 12ஐ எடுத்துக்கொண்டது. நாம் பரிகாரம் தேடவேண்டிய இடம் இதுதான். ஆண்ட்ராய்டில் அச்செயலியின் விவரப் பக்கத்தில் பேட்டரி உபயோகத்தைக் கட்டுப்படுத்தலாம். ஐபோனில் பின்னணிப் புதுப்பிப்பை நிறுத்தி, இருப்பிட அனுமதியைச் செயலியைத் திறந்திருக்கும் நேரத்துக்கு மட்டும் அளிக்கலாம். ஆனால் பாட்டுக் கேட்கும் செயலியும் வழிகாட்டும் வரைபடமும் பின்னணியில் நெடுநேரம் இயங்குவது இயல்பு; செய்திச் செயலியைக் கட்டுப்படுத்தினால் செய்திகள் தாமதமாக வந்துசேரும்.

செயலிப் பட்டியலில் தெளிவாகத் தென்படாத காரணங்கள் இரண்டு உண்டு. ஒன்று, சிக்னல் பலவீனம். கோபுரம் தூரத்தில் இருக்கையில் கைப்பேசி தான் சிக்னல் அனுப்பும் வலிமையை உயர்த்தியும், சிக்னலை ஓயாது தேடியும் மின்சாரத்தைச் செலவழிக்கிறது. இதைக் கண்டறிய, பட்டியலை விட்டுவிட்டு அதற்கு மேலுள்ள வரைபடத்தில், திரை அணைந்து கிடந்த இரவு நேரத்துக் கோட்டைப் பார்க்கவேண்டும். எட்டு மணி நேரத்தில் நாலைந்து புள்ளி குறைவது சாதாரணம். பதினைந்து, இருபது என்று சரிந்தால் ஏதோ ஒன்று விழித்திருக்கிறது. மறுநாளிரவு விமானப் பயன்முறையை இட்டு, வைஃபையை மாத்திரம் இயக்கி வைத்துப் பாருங்கள் (அழைப்புகள் வாரா என்பதை நினைவில் கொள்க): கோடு சமமானால் காரணம் மொபைல் சிக்னல், அப்போதும் சரிந்தால் காரணம் பின்னணியில் இயங்கும் செயலி ஒன்றாக இருக்கலாம்.

மற்றொன்று, பேட்டரியின் மூப்பு. கொள்ளளவு குன்றிய பழைய பேட்டரியிலும் யூடியூபின் பங்கு அதே 35 சதவீதமாகவே நிற்கும். பங்கு மாறாததால், பங்கைக் காட்டும் பட்டியல் இந்த நோயை ஒருபோதும் காட்டாது. ஐபோனின் பேட்டரி ஆரோக்கியப் பக்கத்தில் அதிகபட்சக் கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால், செயலிகளைக் குறைகூறிப் பயனில்லை, பேட்டரியை மாற்றவேண்டியதுதான்.

திறந்த செயலிகளையெல்லாம் அடிக்கடி விரலால் தள்ளி மூடும் வழக்கத்தாலும் பிரயோஜனமில்லை. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதற்கொண்டு, அசையாது திரை அணைந்து கிடக்கும் கைப்பேசியில் செயலிகளின் வேலையை இயக்க அமைப்பே ஒத்திப்போட்டுவிடுகிறது. மூடியதை அடிக்கடி ஆரம்பத்திலிருந்து திறப்பதற்கே மின்சாரம் அதிகம் செலவாகும்.

ஆகவே, உதவி கேட்டுப் படம் அனுப்புகிறவர்கள் செயலிப் பட்டியலை மாத்திரம் அனுப்பாமல், சார்ஜ் எந்த மணியில் எவ்வளவு இருந்தது என்பதையும், திரை நேரம், பின்னணி நேரம் இரண்டையும், இரவுக்கோடு தெரியும் வரைபடத்தையும் சேர்த்து அனுப்பவேண்டுகிறேன்.