"எனக்குச் சரியா வருதே மச்சி!"

ஜூபிட்டர் நோட்புக்கில் சந்தேகம் கேட்டால் வரும் பதில்களிலேயே மட்டமானது மேலே தலைப்பில் இருப்பதுதான். அதற்கு அடுத்த இடம், நூறு வரி நிரலை ஒரே செல்லில் கொண்டுவந்து கொட்டுவதற்கு. இரண்டையும் உதவி என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காக: நோட்புக்கில் நிரலைத் துண்டு துண்டாக எழுதலாம். ஒவ்வொரு துண்டும் ஒரு செல். செல்லை ஓட்டினால் விடை அதற்கு அடியிலேயே வந்து உட்காரும். பிறகு விளக்கம், பிறகு அடுத்த செல். 2011ல் ஐபைத்தான் நோட்புக்காக வந்தது, 2014ல் ஜூபிட்டர் ஆனது.

சரி, விஷயம் இதுதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. விழுப்புரத்தில் ஒரு மாணவன் இதை மில்லிமீட்டராக மாற்றுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் செல்லில் `mazhai = 50`. இரண்டாவது செல்லில்:

```python
mazhai = mazhai * 10
mazhai
```

500 வந்தது. மூன்றாவது செல்லில் படம் வரைந்தான். ஏதோ சந்தேகம், திரும்பப் போய் இரண்டாவது செல்லை இன்னொரு தரம் ஓட்டினான். இப்போது 5000! ஒரே நாளில் ஐந்து மீட்டர் மழை என்றால் மயிலத்தில் வீட்டுக்கூரை மேல் படகுதான் விட வேண்டும்.

பயந்துபோய் கோப்பைத் திண்டிவனத்தில் இருக்கும் நண்பனுக்கு அனுப்புகிறான். அவன் மேலிருந்து கீழே ஒரு முறை ஓட்டுகிறான். 500. உடனே அந்தப் பொன்மொழி: "எனக்குச் சரியா வருதே மச்சி, உன் கம்ப்யூட்டர்ல தான் ஏதோ கோளாறு."

இருவர் கம்ப்யூட்டரும் சரி. நிரலுக்குப் பின்னால் ஓடும் கெர்னல், `mazhai` என்ற பெயரில் கடைசியாக என்ன இருந்ததோ அதைத்தான் நினைவில் வைத்திருக்கும். செல் எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது என்று அது பார்ப்பதில்லை, எந்த வரிசையில் ஓட்டப்பட்டது என்பதுதான் கணக்கு. கண்டுபிடிக்க ஜோசியம் தேவையில்லை. செல்லின் இடப்பக்கம் சதுர அடைப்புக்குள் எண் இருக்கிறதே, விழுப்புரத்துக்காரன் அனுப்பிய கோப்பில் அது `[1]`, `[4]`, `[3]` என்று இருந்திருக்கும். இரண்டு எங்கே போனது? அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. பழைய விடையும் எண்ணும் கோப்போடு சேர்ந்தே சேமிக்கப்படுகின்றன. திண்டிவனத்துக்காரன் ஓட்டுவதற்கு முன் பார்த்திருக்க வேண்டும். ஓட்டியதும் தடயம் அழிந்துபோனது.

2019ல் வெளியான ஒரு ஆய்வில் கிட்ஹப்பில் கிடந்த சுமார் 14 லட்சம் நோட்புக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டிப் பார்த்தவற்றில் பிழையில்லாமல் ஓடியது நாலில் ஒன்றுதான். கோப்பில் இருந்த அதே விடை திரும்ப வந்தது 4 சதவீதத்தில்! நோட்புக்கே வேண்டாம் என்று 2018ல் ஜோயல் க்ரூஸ் ஜூபிட்டர் மாநாட்டு மேடையிலேயே போய்ப் பேசினார். தைரியம்தான். ஆனால் கத்தி கையை வெட்டியதற்கு சமையலறையையே பூட்டச் சொல்வது போல இருக்கிறது அது.

பதிலை எப்படி எழுதியிருக்க வேண்டும்? பிழை இருக்கும் செல்லுக்கு நேர் கீழே ஒரு விளக்கச் செல்: "இந்தச் செல் பழைய பெயரிலேயே எழுதுகிறது, அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பத்தால் பெருகும்." அதன் கீழே:

```python
mm = mazhai * 10
mm
```

பழைய இரண்டாவது செல்லை நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மறுபடி வேலையைக் காட்டும். முதல் செல்லை மறுபடி ஓட்டிய பிறகு புதியதை நூறு தரம் ஓட்டினாலும் 500தான். பதிலை அனுப்பும் முன் `Restart Kernel and Run All Cells` கொடுத்து மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்ப்பதும் பதில் சொல்பவன் வேலைதான், கேட்டவன் வேலை இல்லை.

நூறு வரி கொட்டுகிறவர்கள் கெடுப்பது வேறு விதம். மேலே ஏற்கெனவே பாண்டாஸ் இறக்குமதி ஆகியிருக்கும், இவர்கள் மறுபடி இறக்குவார்கள். அதுகூடப் பரவாயில்லை. கேட்டவன் `df` என்று வைத்த பெயரிலேயே தங்கள் அட்டவணையையும் ஏற்றிவிடுவார்கள். கீழே இருக்கும் அத்தனை செல்லும் சத்தமில்லாமல் வேறு தரவில் ஓடும். பிழைச்செய்தி வந்தாலாவது தெரியும், வராது!

அப்புறம் "மூணாவது செல்லைப் பாரு" என்பவர்கள். நடுவில் ஒரு செல் நுழைத்தால் மூன்றாவது நான்காவதாகிவிடும், அடைப்புக்குள் இருக்கும் எண்ணோ ஓட்டும்போதெல்லாம் மாறும். "`mm` கணக்கிடும் செல்" என்றால் எங்கே நகர்ந்தாலும் கண்டுபிடிக்கலாம். அதேபோல விளக்கத்தில் "500 மி.மீ. வந்தது" என்று கையால் அடிப்பதும் வம்பு. நாளைக்கு மயிலத்தின் இடத்தில் திண்டிவனத்தின் மழையைப் போட்டால் செல்லின் விடை மாறும், கையால் அடித்த 500 அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஆசிரியர் மதிப்பெண் போடும்போது படிப்பது அந்த வரியைத்தான்.