பெயரை மறைத்தால் போதுமா?

வகுப்பில் ஸ்லைடில் காட்டிய ஆறுகளின் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்தே படிக்கிறோம். பெயர் கண்ணெதிரே இருந்தால் எல்லாம் தெரிந்ததாகவே தோன்றும். நான் பெயர்களின் மேல் தாள்துண்டுகளை ஒட்டிப் பார்த்தேன். ஒன்றை மட்டும் மறைத்தால் பயனில்லை. களனி, களு, வளவை தெரிந்தால் மிஞ்சியது மகாவலி என ஊகித்துவிடலாம். எல்லாவற்றையும் மறைத்து ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

அப்படியும் ஏமாந்தேன். ஆற்றையல்ல, துண்டு இருந்த இடத்தையே மனனம் செய்திருந்தேன். வெற்றுப் புறவுருவப் படத்தில் கீறியபோது, கொட்டியாரக் குடாவில் விழவேண்டிய மகாவலியை மட்டக்களப்பில் கொண்டுபோய் விட்டேன்!

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். பெயரைச் சொன்னால், அந்த ஆறு தொடங்குமிடத்திலிருந்து கடல் வரை கீற வேண்டும். வரைபடம் படித்திராத உம்மாவும் பெயரை வாசித்துக் கேட்கலாம். கீறியதைப் புத்தகத்துடன் ஒப்பிட்டால் போதும்.