முகம் தெரியலயாம்

போன வருஷம் எங்களில் ஒருத்திக்கு நடந்ததிலிருந்து தொடங்குறோம். றக்வானைப் பக்கம் ஒரு தோட்டம், லயத்தில் நாலாவது வீடு. காலை ஒன்பது மணிக்கு ஒன்லைன் பரீட்சை. ரெண்டு மணித்தியாலம், மூன்று கேள்வி, கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பணும். அறிவுறுத்தல் கடிதத்தில் கெமராவைப் பற்றி நாலு வரி இருந்தது. போதிய வெளிச்சமுள்ள தனி அறை. பின்னால் வெறும் சுவர். முகமும் கைகளும் எப்போதும் தெரிய வேண்டும். கெமராவை நிறுத்தக்கூடாது.

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டு, அரிசி டின்னில போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் வாசல் கதவு திறந்திருந்தது, அப்பத்தானே வெளிச்சம் வரும். அஞ்சு நிமிஷத்துல மேற்பார்வையாளர் "முகம் தெரியலை, லைட்டைப் போடுங்க" என்றார். போட்டாள். இன்னும் தெரியலை. கதவைச் சாத்தினாள், மொத்தமும் இருட்டாகிப்போச்சு. திரும்பத் திறந்தாள். இதற்குள் இருபது நிமிஷம் போயிட்டுது. பிறகு ஒவ்வொரு கேள்வியையும் திரும்ப வாசிக்கிற நேரத்தில் வீடியோ நின்று நின்று வந்தது. கடைசியில் அவள் பெயருக்கு எதிரே "கெமரா ஆறு தடவை அணைக்கப்பட்டது" என்று எழுதப்பட்டு, பெறுபேறு ரெண்டு மாசம் நிறுத்தி வைக்கப்பட்டது. அவள் ஒரு தடவையும் அணைக்கவில்லை.

இதை நாங்கள் சும்மா புலம்பலாக எழுத வரவில்லை. அந்த ரெண்டு மாசத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து, அதே அறையில், அதே போனில், அதே ஒன்பது மணிக்கு என்ன நடக்குது என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். பிழை எங்கே என்று இப்ப எங்களுக்குத் தெரியும். எங்கள் அபிப்பிராயம் இதுதான்: அந்த நாலு வரிகளும் ஓர் அறையைக் கேட்கின்றன. கேட்க வேண்டியது அறையை அல்ல, மேற்பார்வையாளர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை. சப்ரகமுவத் தோட்டங்களில் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் "தனி அறை" என்று ஒன்று கிடையாது. ஆனால் ஒரு முகம், ரெண்டு கை, ஒரு தாள் தெரிகிற மாதிரி ஒரு மூலையை அதே காம்பராவில் உண்டாக்க முடியும்.

முதலில் வெளிச்சம். அந்த அறையில் வெளிச்சம் குறைவு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். குறைவு இல்லை, இருந்த இடம் பிழை. போன் கெமரா படத்தின் மொத்த வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். பின்னால் திறந்த கதவு பளீர் என்று இருந்தால், அதற்கு ஏற்ப முழுப் படத்தையும் இருட்டாக்கும். வானம் அழகாகத் தெரியும், முன்னால் இருக்கிற முகம் கறுப்பு நிழலாகப் போகும். நம்மைப் போலக் கறுத்த முகங்களுக்கு இது இன்னும் மோசம். முகட்டிலிருந்து தொங்குகிற ஒற்றை பல்பைப் போட்டாலும் கதவு வெளிச்சத்தோடு அது போட்டியிட முடியாது. போட்டியிட்டாலும் உச்சந்தலையில்தான் விழும். எழுதக் குனிஞ்சா முகத்தில் நிழல் மட்டும்தான் மிஞ்சும்.

தீர்வு, மேசையைத் திருப்புவதுதான். கதவைப் பார்த்து உட்கார வேண்டும், வாசலிலிருந்து ரெண்டு மூன்று அடி உள்ளே. போன் உங்களுக்கும் கதவுக்கும் நடுவில், ஒரு ஸ்டூலிலோ இஸ்தோப்பில் போட்ட கதிரையிலோ இருக்கட்டும். இரத்தினபுரி மழை வானம் இதற்கு நல்லது, நேர் வெயில் இல்லாத மெல்லிய வெளிச்சம் முகம் முழுக்கச் சமமாக விழும். பின்னால் வெள்ளை பெட்ஷீட் கட்டச் சொல்லிச் சிலர் ஆலோசனை தருவாங்க, அதைச் செய்யாதீங்க. வெள்ளையும் பளீர்தான், கெமரா திரும்பவும் முகத்தை இருட்டாக்கும். மங்கின நீலமோ மண்ணிறமோ உள்ள ஒரு சேலை போதும். அம்மாவின் பழைய சேலையில் எங்களுக்கு நல்ல படம் கிடைத்தது. லெப்டொப் வைத்திருப்பவர்கள் ஸூமின் வீடியோ அமைப்பில் Adjust for low light என்பதைப் போட்டுப் பார்க்கலாம். கொஞ்சம் உதவும், பின்னால் இருக்கிற கதவை அது வெல்லாது.

இருட்டில் இன்னொரு நட்டமும் இருக்கு, இது எங்களுக்குப் பிந்தித்தான் விளங்கியது. வெளிச்சம் போதாத இடத்தில் கெமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுக்கும், அதனால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். அந்தப் புள்ளிகளைச் சுருக்கி அனுப்புவது கஷ்டம், பலவீனமான சிக்னலில் படம் உறையும். மேற்பார்வையாளருக்கு அது "கனெக்‌ஷன் போயிட்டுது" என்று தெரியும். மேசையைத் திருப்பின பிறகு, அதே சிக்னலில், உறைவது குறைஞ்சுது.

பல்பை நம்ப வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்க. அன்று போன் பற்றரி தாக்குப்பிடித்தவங்களுக்கும் பல்பு எரியலை.

அடுத்தது கோணம். கலைப்பீடத்தில் எங்களுக்குப் பரீட்சை என்றால் எழுத்துதான். லெப்டொப் கெமரா டைப் பண்ணுகிறவருக்காகப் பொருத்தப்பட்டது. கையால் எழுதுகிறவர் குனிந்தவுடன் அதற்குத் தெரிவது தலைமயிர் மட்டும். அதனால் போனை நேர் எதிரே வைக்காமல், எழுதுகிற கைக்கு எதிர்ப் பக்கமாகச் சரிவாக வையுங்கள். மேசையிலிருந்து மூன்றடி தூரம், மேசை மட்டத்தை விட ஒரு முழம் உயரம், போன் கிடையாக. இப்படி வைத்தால் குனிந்தாலும் பக்கவாட்டில் முகமும், ரெண்டு கையும், தாளும் ஒரே படத்துக்குள் வரும். எழுதுகிற கைப்பக்கத்தில் வைத்தால் தோளே தாளை மறைத்துவிடும். இதைக் கேட்கத்தான் ஒரு வரி வேண்டும், "தனி அறை" என்பதை அல்ல.

இனி அந்த ஆறு தடவை. அவளிடம் இருந்தது ஒரே ஒரு போன். கேள்வித்தாள் வட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் ஆக வந்தது. கேள்வியைப் பார்க்க அவள் ஸூமை விட்டு வெளியே போனாள், அப்போதே வீடியோ நின்றது. இது அவள் குற்றமும் இல்லை, போனின் பழுதும் இல்லை. 2018இல் வந்த அண்ட்ரொய்ட் 9இலிருந்து, பின்னணிக்குப் போன செயலி கெமராவைப் பயன்படுத்த முடியாதபடி தடை இருக்கு. யாரும் நம்மை ஒளிந்து படம் எடுக்கக்கூடாது என்பதற்காக வைத்த நல்ல பாதுகாப்புத்தான். ஆனால் அதே போனில் கேள்வியையும் வாசி, கெமராவையும் நிறுத்தாதே என்றால் ரெண்டும் சேர்ந்து நடக்காது. ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒரு "அணைப்பு" விழுந்தது. நாங்கள் செய்து பார்த்தபோதும் அப்படியே நடந்தது.

பீடம் இதைச் செலவில்லாமல் சரிசெய்யலாம். கேள்வித்தாளை ஸூம் திரையிலேயே காட்டலாம். அல்லது முதல் பத்து நிமிஷம் கெமராவைக் கணக்கெடுக்காமல் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ள விடலாம். இது கேட்கக்கூடாத சலுகையா?

அனுமதிச் சிக்கல் இதை விடச் சின்னது, ஆனால் நேரத்தைத் தின்னும். முதல் நாள் ஒத்திகையில் போன் கெமராவுக்கு அனுமதி கேட்கும்போது Only this time என்பதை அழுத்தினால், பரீட்சை அன்று திரும்பக் கேட்கும். பதற்றத்தில் Don't allow என்பதை ரெண்டு தடவை அழுத்திட்டா, அண்ட்ரொய்ட் 11க்குப் பிறகு அது திரும்பக் கேட்கவே கேட்காது. அமைப்புக்குள் போய், செயலியைத் தேடி, Permissions, Camera என்று திறந்து Allow only while using the app என்று மாற்ற வேண்டும். மாமா மகனின் லெப்டொப்பை இரவல் வாங்கினவர்களுக்கு வேற கதை. விண்டோஸில் Camera access நிறுத்தியிருக்கலாம், Let desktop apps access your camera நிறுத்தியிருக்கலாம், அல்லது வேறொரு செயலி கெமராவைப் பிடித்து வைத்திருக்கலாம். பிரவுசரில் நடக்கிற பரீட்சை என்றால் கடைசியாகச் சொன்னது NotReadableError என்று வரலாம். அனுமதி மறுக்கப்பட்டிருந்தால் NotAllowedError. முன்னதுக்கு ஸூமை முழுதாக மூடுங்க, பின்னதுக்கு முகவரிப் பட்டியின் இடப்பக்கக் குறியை அழுத்தி அனுமதியைத் திறங்க. வார்த்தையைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும், அதனால் பிழைச் செய்தியை மூடும் முன் படம் பிடித்து வையுங்கள்.

படம் பிடித்து வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கு. நெதர்லாந்தில், அம்ஸ்டர்டாம் வ்ரைய பல்கலைக்கழகத்தில், றொபின் பொக்கோர்னி என்ற கறுப்பின மாணவி, பரீட்சை மென்பொருள் தன் முகத்தைக் கண்டுபிடிக்காததால் முகத்துக்கு நேராக விளக்கை வைத்துக்கொண்டு எழுதினார். அந்நாட்டு மனித உரிமை நிறுவனம் 2022 டிசம்பரில் பாகுபாடு நடந்திருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு இடமுண்டு என்றது. 2023 ஒக்டோபரில் இறுதி முடிவில், பல்கலைக்கழகம் காட்டிய பதிவுகளைப் பார்த்து, மென்பொருள் பாகுபடுத்தியதாக நிறுவப்படவில்லை என்றது. புகாரைக் கையாண்ட விதத்தைக் கண்டித்தது. பதிவு யாரிடம் இருந்ததோ அவர்கள் பக்கம் முடிவு சாய்ந்தது என்றே நாங்கள் வாசிக்கிறோம். நம் கதையில் மென்பொருள்கூட இல்லை, ஒரு மனிதர் பார்த்து எழுதின குறிப்பு மட்டும்தான். ஸூம் வருகைப் பட்டியலில் எப்போது வந்தார், எப்போது போனார் என்பது இருக்கும், கெமரா ஏன் நின்றது என்பது இருக்காது.

அவளுடைய கடிதத்தோடு நாங்கள் ஒரு காணொளியை இணைத்தோம். அதே போன், ஸூம் திறந்திருக்கு, பிடிஎஃப் திறக்கிறோம், இன்னொரு போனில் அவள் படம் நிற்பது தெரிகிறது. நாற்பது விநாடி. அதைப் பார்த்த பிறகுதான் பெறுபேறு வந்தது, மன்னிப்பு ஒன்றும் வரலை.

இந்த செமஸ்டரிலும் ஒரு தாள் ஒன்லைன் என்று அறிவித்திருக்காங்க, அறிவுறுத்தலில் அதே நாலு வரி. அவள் மேசையை வாசலுக்கு இழுத்து வைச்சிட்டா. பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லியாச்சு, வியாழக்கிழமை ஒன்பதிலிருந்து பதினொன்று வரைக்கும் இஸ்தோப்புக் கொடியில் உடுப்புக் காயப்போட வேணாம், வெளிச்சத்தை மறைக்கும் என்று. மழை வந்தா எப்படியும் போடமாட்டேன், வெயில் வந்தா யோசிப்போம் என்றிருக்கிறா.