தாளின் உச்சியில் இருக்கும் எண்

"போன வருசம் 42 சதவீதம் குடுத்த ஃபண்ட், கண்ணை மூடிக்கொண்டு போடலாம்." மாத்தளை நகரக் கடைத்தெருவிலும் உக்குவளையிலும் இரத்தோட்டையிலும் ஓய்வூதியப் பணத்தையோ மிளகு விற்ற காசையோ கையில் வைத்திருப்பவர்களிடம் இந்த வாக்கியம் இப்போது பழமொழிபோல் உலவுகிறது. நிலையான வைப்பின் வட்டி இறங்கியதும் யூனிட் ட்ரஸ்ட் பக்கம் திரும்பியவர்கள், மாதாந்தத் தகவல் தாளை வாங்கி, உச்சியில் தடித்த எழுத்தில் இருக்கும் ஓராண்டு வருவாயைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்த எண் நிதியத்தின் தரத்தைச் சொல்கிறது என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு என்பது மட்டுமல்ல, உழைத்துச் சேர்த்தவரின் பணத்தை ஆண்டுதோறும் அரிக்கும் தவறு.

அந்த 42 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். அது ஒரு கற்பனைப் பங்கு நிதியம் 2024இல் ஈட்டியது என்று வைப்போம். 5 இலட்சம் ரூபாய் 7 இலட்சத்து 10 ஆயிரமாகிவிட்டது. யாருக்கும் மனம் நிறையும். ஆனால் அதே 2024இல் கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏறத்தாழ 49.7 சதவீதம் ஏறியது. எந்தத் திறமையும் இல்லாமல் சந்தையோடு சும்மா போயிருந்தாலே அந்த 5 இலட்சம் 7 இலட்சத்து 48 ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். மாத்தளை முழுவதும் மிளகு விலை ஏறிய ஆண்டில் ஒரு தோட்டக்காரருக்குக் கூடுதல் காசு வந்தால், அதை அவருடைய கைவண்ணம் என்று நாம் சொல்வதில்லை. பக்கத்துத் தோட்டத்தை விடக் கிலோவுக்கு எவ்வளவு கூடுதலாகப் பெற்றார் என்றுதான் கேட்கிறோம். அந்தக் கேள்வியை நிதியத்திடமும் கேட்க வேண்டும். தகவல் தாளில் அதற்கான பதில் ஒப்பீட்டுச் சுட்டெண் என்ற வரியில் இருக்கிறது.

அந்த வரியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் விலையை மட்டுமே கணக்கிடுகிறது, கம்பனிகள் கொடுக்கும் பங்கிலாபத்தைச் சேர்ப்பதில்லை. நிதியமோ அந்தப் பங்கிலாபத்தையும் வாங்கிக்கொண்டு ஓடுகிறது. பங்கிலாபம் 3 சதவீதம் என்று வைத்தால், நம் நிதியம் பின்தங்கியது 7.7 புள்ளி அல்ல, கிட்டத்தட்ட 11 புள்ளி. நியாயமான ஒப்பீடு பங்கிலாபமும் சேர்ந்த மொத்த வருவாய்ச் சுட்டெண்ணுடன்தான். இந்தியாவின் செபி அமைப்பு 2018 பெப்ரவரி முதல் எல்லாப் பரஸ்பர நிதியங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கிவிட்டது.

ஒப்பீடு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கொழும்புச் சுட்டெண் 2021 முடிவில் சுமார் 12,226, 2022 முடிவில் 8,490, 2024 முடிவில் 15,945. 2022 முடிவிலிருந்து கணக்கிட்டால் இரண்டு ஆண்டில் 88 சதவீத ஏற்றம். ஒரே ஓர் ஆண்டு முன்னே போய் 2021 முடிவிலிருந்து கணக்கிட்டால் மூன்று ஆண்டில் 30 சதவீதம்தான். விற்பவருக்கு எந்தத் தொடக்கம் பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே ஆண்டு வாரியாக, விழுந்த ஆண்டும் சேர்த்து, நிதியமும் சுட்டெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அட்டவணையையே கேளுங்கள்.

நம் நிதியம் ஏன் பின்தங்கியது? முகாமையாளரின் தேர்வு பிழைத்திருக்கலாம். ஆனால் எந்தத் தேர்வு செய்தாலும் தப்பாமல் போகும் பணம் ஒன்று உண்டு. அது செலவு விகிதம். முகாமைக் கட்டணம், நம்பிக்கைப் பொறுப்பாளர் கட்டணம், பாதுகாவலர் கட்டணம், கணக்காய்வுச் செலவு எல்லாம் சேர்ந்து நிதியத்தின் சொத்தில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்பதே அது. இதற்கு யாரும் ரசீது தருவதில்லை. ஒவ்வொரு நாளும் அலகின் விலையைக் கணக்கிடும்போதே கழித்துவிடுகிறார்கள். அதனால்தான் "என்னிடம் யாரும் கட்டணம் வாங்கவில்லையே" என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள்.

இங்கே எதிர்வாதம் ஒன்று வரும். தாளில் உள்ள வருவாய் செலவு கழித்த வருவாய்தானே, பிறகு செலவைத் தனியாக ஏன் பார்க்க வேண்டும்? நியாயமான கேள்வி. கழிந்துபோனது கடந்த ஆண்டின் செலவு. வரும் ஆண்டின் வருவாய் யாருக்கும் தெரியாது, வரும் ஆண்டின் செலவோ ஏறக்குறைய இன்றே தெரியும். 2022இல் கொழும்புச் சுட்டெண் 30 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அந்த ஆண்டிலும் கட்டணம் கழிக்கப்பட்டது. 5 இலட்சம் ரூபாய் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் 15 ஆண்டில் 27 இலட்சத்து 37 ஆயிரமாகும். அதிலிருந்து ஆண்டுக்கு 2.5 சதவீதம் செலவு போய் 9.5 சதவீதமே வளர்ந்தால் 19 இலட்சத்து 51 ஆயிரம். ஏறக்குறைய 7 இலட்சத்து 86 ஆயிரம், அதாவது முதலில் போட்ட பணத்தை விடப் பெரிய தொகை, சத்தமில்லாமல் போய்விடுகிறது.

செலவு விகிதத்துக்குள் வராத செலவும் உண்டு. முகாமையாளர் பங்கை வாங்கி விற்கும்போது தரகுக் கட்டணமும் வரிகளும் வாங்கும் விலையோடும் விற்கும் விலையோடும் கரைந்துவிடும். அதைக் காட்டிக்கொடுப்பது புரள்வு விகிதம்: ஆண்டில் வாங்கியது, விற்றது இரண்டில் குறைந்ததை, நிதியத்தின் சராசரிச் சொத்தால் வகுத்தால் வருவது. கொழும்புச் சந்தையில் 10 கோடி ரூபாய் வரையான கொடுக்கல் வாங்கலுக்கு வழமையான மொத்தக் கட்டணம் 1.12 சதவீதம், வாங்கும்போது ஒரு தடவை, விற்கும்போது ஒரு தடவை. நம் நிதியத்தின் சொத்து 100 கோடி, புரள்வு 150 சதவீதம் என்றால், 150 கோடிக்கு வாங்கி 150 கோடிக்கு விற்றிருக்கிறது. 300 கோடியில் 1.12 சதவீதம் 3 கோடியே 36 இலட்சம், அதாவது சொத்தில் 3.36 சதவீதம். பெரிய தொகைகளுக்குத் தரகு குறைவதால் இதை மேல் எல்லையாகக் கொள்ளலாம். செலவு விகிதம் 2.5 சதவீதம் என்று வைத்து இதையும் கூட்டினால், பின்தங்கிய 11 புள்ளியில் பாதியளவு எங்கே போனது என்று விளங்கிவிடும்.

புரள்வு கூடினாலே குற்றம் என்று நான் சொல்லவில்லை. புதிதாகத் தொடங்கிய நிதியமும், முதலீட்டாளர்கள் திரளாக வெளியேறிய நிதியமும் கட்டாயத்தால் வாங்கி விற்கும். திறைசேரி உண்டியல் வைத்திருக்கும் பணச் சந்தை நிதியத்தில் உண்டியல்கள் ஓராண்டுக்குள் முதிர்ந்துகொண்டே இருப்பதால் அங்கே இந்த விகிதத்துக்குப் பொருளே இல்லை. அங்கே பார்க்க வேண்டியது செலவு விகிதம் மட்டுமே: உண்டியல் 8.5 சதவீதம் தரும் காலத்தில் 1 சதவீதச் செலவு வருவாயில் ஒன்பதில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். ஆனால் நீண்டகாலத்துக்கு வைத்திருப்போம் என்று தன் கொள்கையை எழுதிய பங்கு நிதியம் ஆண்டுக்கு ஒன்றரைத் தடவை முழுச் சொத்தையும் புரட்டினால், அது எழுதியதும் செய்வதும் ஒன்றல்ல.

தாளில் இந்த எண்கள் இல்லாவிட்டால் ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். வருமானக் கூற்றில் உள்ள மொத்தச் செலவைச் சராசரிச் சொத்தால் வகுத்தால் செலவு விகிதம் கிடைக்கும். முதலீடுகளை வாங்கியதும் விற்றதும் எவ்வளவு என்பதைக் கணக்குகளிலும் குறிப்புகளிலும் தேடினால் புரள்வு கிடைக்கும். பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு இந்த இரண்டையும் மொத்த வருவாய்ச் சுட்டெண்ணையும் ஓராண்டு வருவாய்க்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடும்படி எல்லா நிதியங்களையும் கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை, செலவு எவ்வளவு, புரள்வு எவ்வளவு, பங்கிலாபம் சேர்த்த சுட்டெண்ணை விட எவ்வளவு கூடுதல் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் எண்ணால் பதில் சொல்லாதவரிடம் காசோலையைக் கொடுக்காதீர்கள்.