தண்ணீர் பாட்டிலோடு டைல்ஸ் கடைக்கு...

போன ஆடியில் என் மாமியார் பாத்ரூமில் வழுக்கி, வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. "மாப்பிள்ளை, உங்க தரையில முகம் பார்த்துப் பொட்டு வச்சுக்கலாம். நடக்கத்தான் முடியல" என்றார். ஹாலுக்கு வாங்கிய பளபள விட்ரிஃபைட் டைல் மிச்சமிருக்கிறதே என்று பாத்ரூமிலும் ஒட்டச் சொன்ன மகானுபாவன் அடியேன்தான்.

ஹாலில் அது தங்கம். தண்ணீரை உறிஞ்சாது, கறை பிடிக்காது, ஒரு தடவை துடைத்தால் போதும். ஆனால் சோப்புத் தண்ணீர் பட்டால் பனிச்சறுக்கு மைதானம்!

பாத்ரூம் தரையைப் பெயர்த்தோம். இந்த முறை கடைக்குத் தண்ணீர் பாட்டிலும் ஷாம்பூ பாக்கெட்டுமாகப் போனேன். மாதிரி டைலைக் கீழே போட்டு, ஊற்றி, வெறுங்காலால் தேய்த்துப் பார்த்தேன். "சார், குளிச்சே பார்த்துடுங்களேன்" என்றார் கடைக்காரர். ஆனால் விஷயமுள்ள மனிதர். ஆர்9-லிருந்து ஆர்13 வரை போடுவார்களே, எண் ஏற ஏறப் பிடிப்பும் ஏறும். ஆனால் அது எண்ணெய் விட்ட சரிவில் பூட்ஸ் காலோடு நடந்து பார்த்துச் சொல்வது. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வகை உண்டு. குளிக்கும் இடத்துக்கு 'பி' கேளுங்கள் என்றார். டைலும் ஓரடிக்கு ஓரடிக்கு மேல் வேண்டாமாம். சின்ன டைல் என்றால் தண்ணீர் ஓடும் சரிவுக்கு வளைந்து கொடுக்கும்; இடுக்குகள் அதிகம் என்பதால் காலுக்கும் பிடிமானம். ஒரே தண்டனை, சொரசொரப்பில் அழுக்கு தங்கும். வாரம் ஒருமுறை பிரஷ் போட வேண்டும்.

"அப்ப கிச்சனுக்குக் கடப்பா போட்டுடலாங்க" என்றாள் மனைவி. கடப்பா சுண்ணாம்புக் கல். எலுமிச்சைச் சாறு சொட்டினால் அந்த இடம் வெளுத்து, மெருகு போய்விடும். துடைத்தால் போகாது, மறுபடி பாலீஷ்தான். கிரானைட் எலுமிச்சைக்கு அசையாது. ஆனால் பாலீஷ் போட்டதில் தண்ணீர் சிந்தினால் அதுவும் வழுக்கும். ஆகவே கிச்சனுக்கு மெருகில்லாத மேட் விட்ரிஃபைட், மழைச்சாரல் அடிக்கும் வாசல்படிக்கு நெருப்பால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட் என்று முடிவாயிற்று.

மச்சினன் மாடி அறைக்கு பாலீஷ்டு கான்க்ரீட் கேட்டான். ஊர்க் காவித் தரையின் பட்டணத்துத் தம்பி. காய்ந்திருந்தால் வழுக்காது. இடுக்கே இல்லை, பெருக்க சுகம். ஆனால் அதிலும் சுண்ணாம்பு உண்டே! புளித்தண்ணி பட்டால் தடம் விழும். மேலே பூசும் சீலர் தேயத் தேய மறுபடி பூச வேண்டும். படுக்கையறைக்குச் சரி என்று விட்டுவிட்டேன்.

புது பாத்ரூமில் முதலில் குளித்தது மாமியார்தான். நான் கதவுக்கு வெளியே நகத்தைக் கடித்தபடி நின்றேன். தலையைத் துவட்டிக்கொண்டே நிதானமாக வந்தார்.

"பொட்டு வைக்கத்தான் முடியல மாப்பிள்ளை. பரவாயில்ல, கண்ணாடி ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க!"